சிவப்பு வாளிக்குள் என்ன போடுவது?

யாழ்ப்பாணத்தில் தாதியப் பரீட்சைக்கோ சமுதாய மருத்துவத்துக்கோ படிப்பவர் கைக்கு இந்தியக் காணொளிகளும் வினாத்தொகுப்புகளும் சுலபமாகக் கிடைக்கும். மற்றப் பகுதிகளுக்கு அவை உதவும். வைத்தியசாலைக் கழிவின் நிறங்களில் மட்டும் காலை வாரிவிடும்.

விடுதியில் ஒரு நோயாளிக்குக் கனுலா ஏற்றி மருந்து கொடுத்து முடித்துவிட்டீர்கள் என்று வைப்போம். தட்டத்தில் கனுலாவின் ஊசி, இரத்தம் ஊறிய பஞ்சு, இரத்தக்கறை படிந்த கையுறை, கனுலா வந்த காகித உறை, உடையாத கண்ணாடி மருந்துக் குப்பி ஆகியவை கிடக்கின்றன.

இலங்கை முறையில் பஞ்சும் கையுறையும் மஞ்சளுக்குள் போகும். அது தொற்றுக் கழிவின் நிறம். குப்பி சிவப்புக்கு, ஏனென்றால் இங்கே சிவப்பு என்றால் கண்ணாடி. உறையில் கறை எதுவும் இல்லாவிட்டால் நீலம், அதாவது காகிதம். சுத்தமான பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், உணவு மிச்சத்துக்குப் பச்சை, பொதுக் குப்பைக்குக் கறுப்பு.

இந்தியாவின் 2016 விதிகளில் அதே கையுறை சிவப்புக்குப் போகும். அங்கே சிவப்பு என்பது அசுத்தமான பிளாஸ்டிக். நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரித்தால் டயொக்சின் நச்சு உண்டாகும் என்பதால்தான் அதை எரிப்பதிலிருந்து பிரிக்கிறார்கள். கண்ணாடி அங்கே நீலத்துக்குப் போகும். ஆகவே வினா எந்த நாட்டு விதியைக் கேட்கிறது என்று பார்க்காமல் நிறத்தை எழுதினால் விடை பிழைத்துவிடும்.

கனுலா ஊசி இன்னும் தட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே அது சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டிக்கு, அங்கே வெள்ளைப் பெட்டிக்குப் போகும். நிறம் மாறினாலும், பெட்டி துளைபடாததாக இருக்கவேண்டும் என்பது இரு இடத்துக்கும் பொது. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். அதற்கு மேல் திணிக்கும்போதுதான் உள்ளே நிற்கும் ஊசி கையில் ஏறும். கழற்றிய மூடியை மறுபடி ஊசியில் செருகுவதும் அப்படியே.

ஊசி தவறிப்போய் மஞ்சள் பைக்குள் விழுந்தால், விடுதியில் யாருக்கும் தெரியாது. பையைக் கட்டித் தூக்கும் சிற்றூழியருக்குத்தான் அது குத்தும். ஹெபடைற்றிஸ் பி வைரசு காய்ந்த இரத்தத்தில்கூட ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம்; எச்ஐவிக்கு அது ஏறத்தாழ 0.3 சதவீதம். என் பார்வையில், நிறங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொள்வதே கையைக் காக்கும்.

சரி, குத்திவிட்டால்? காயத்தைப் பிதுக்கக் கூடாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, உடனே அறிவிக்க வேண்டும். எச்ஐவிக்கான தடுப்பு மருந்து தேவையென்றால் முதல் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணித்தியாலம் கடந்தபின் அதைப் பொதுவாகத் தொடங்குவதில்லை.