டியூஷனுக்குத் தனியாக சைக்கிளில்: வீடு திரும்பும் நேரத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையை முதன்முதலாக டியூஷனுக்குத் தனியாக அனுப்பும்போது, பெரும்பாலான வீடுகளில் வழியை மாலை ஐந்தரை மணி வெளிச்சத்தில்தான் பார்க்கிறார்கள். அப்பா வண்டியில் முன்னால் போவார், பிள்ளை சைக்கிளில் பின்னால் வரும். "இப்படியே போ, இப்படியே வந்துடு" என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் டியூஷன் விடுவது இரவு எட்டு மணிக்கு. அப்போது கடைகளின் முன்னால் வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கும், பிள்ளைக்குப் பசியும் களைப்பும் இருக்கும். அதைவிட முக்கியமாக, இடப்பக்கமாகவே போக வேண்டிய நம் சாலைகளில் போன வழியும் திரும்பும் வழியும் ஒன்றல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வீடு மெயின் ரோட்டுக்கு வடக்கே, டியூஷன் தெற்கே. ரோடு கிழக்கு மேற்காகப் போகிறது, நடுவில் மீடியன். தெருவிலிருந்து வந்து இடதுபுறம் திரும்பி, 900 மீட்டர் கிழக்கே போய், மீடியன் இடைவெளியில் வலதுபுறம் கடந்தால் டியூஷன் தெரு. மொத்தம் 2.1 கி.மீ. போகும்போது சிக்கலில்லாத வழி போலத்தான் தெரியும். திரும்பும்போது பாருங்கள். முறைப்படி வந்தால் தெற்குப் பக்கமாகவே மேற்கே வந்து, வீட்டுத் தெருவுக்கு எதிரே கடக்க வேண்டும். அங்கே மீடியனில் இடைவெளி இல்லை, அடுத்த இடைவெளி இன்னும் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. பிள்ளை என்ன செய்யும்? டியூஷன் வாசலிலேயே கடந்துவிட்டு, வடக்குப் பக்கத்தில் 900 மீட்டரும் எதிர்த்திசையில் வரும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பயனில்லை, அந்த வழி அமைந்திருக்கும் விதமே பிள்ளையை அங்கே தள்ளுகிறது. எதிர்த்திசையில் வருபவருக்குப் பெரிய ஆபத்து குறுக்குத் தெருக்களில் இருக்கிறது. தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறி இடதுபுறம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். இடப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவர் நினைப்பதே இல்லை.

இதே வீட்டுக்கு இன்னொரு வழி உண்டு. மெயின் ரோட்டுக்கு இணையாக உள்தெருக்களில் கிழக்கே போய், சிக்னலில் ரோட்டை நேராக ஒரே தடவை கடந்து, மறுபக்க உள்தெரு வழியாக டியூஷனுக்குப் போகலாம். 2.8 கி.மீ. ஆகும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் கூடுதல் 700 மீட்டருக்கு மூன்றரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான். இந்த வழி போகவும் வரவும் ஒன்றே, மெயின் ரோட்டில் ஓட்ட வேண்டிய தூரமே இல்லை. நாங்கள் பரிந்துரைப்பது எப்போதும் இந்த மாதிரி வழியைத்தான். தூரத்தை விட்டுவிட்டு, எத்தனை இடத்தில் கடக்க வேண்டும், எத்தனை முறை வலதுபுறம் திரும்ப வேண்டும் என்று எண்ணுங்கள்.

தேர்ந்தெடுத்த வழியை ஒரு வேலை நாளில் இரவு எட்டு மணிக்கு நீங்களே சைக்கிளில் ஓட்டிப் பாருங்கள். காரிலோ ஸ்கூட்டரிலோ போனால் தெரு விளக்கு எரியாத 50 மீட்டர் உங்கள் கண்ணில் படாது, உங்கள் ஹெட்லைட் அதை மறைத்துவிடும். நாய்கள் எந்த முனையில் படுத்திருக்கின்றன, எந்தக் கால்வாய்க்கு மூடி இல்லை என்பதையும் கவனியுங்கள். டாஸ்மாக் கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். அதன் வாசல் வழியே போகும் தெருவைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கடக்கும் இடம்

சிக்னல் உள்ள இடம் அமைந்தால் நல்லது. அங்கும் சைக்கிளிலிருந்து இறங்கி, தள்ளிக்கொண்டு, நடப்பவர்கள் கடக்கும் கோட்டில்தான் போக வேண்டும். பச்சை விழும்வரை பஸ், லாரியின் இடது முன்மூலையில் நிற்கவே கூடாது. வண்டி இடதுபுறம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, ஓரத்தை நோக்கி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த மூலையில் நிற்கும் பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்கும் தெரியாது.

சிக்னல் இல்லாமல் மீடியன் இடைவெளியில்தான் கடக்க வேண்டும் என்றால் ஒரு சின்னக் கணக்கு போட்டாக வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு லேன் இருந்தால் அகலம் சுமார் 7 மீட்டர். சைக்கிளே கிட்டத்தட்ட 2 மீட்டர் நீளம் என்பதால், பின்சக்கரமும் தப்ப வேண்டுமானால் 9 மீட்டர் நகர வேண்டும். பையோடு தள்ளும்போது வினாடிக்கு 1 மீட்டர் என்று வைத்தால் 9 வினாடி ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 150 மீட்டர் வந்துவிடும். ஆகவே வண்டி வரும் பக்கத்தில் 150 மீட்டருக்குத் தடையில்லாமல் பார்வை இருக்க வேண்டும். பெரியவர் நடையில் அது சுமார் 200 அடியெடுப்பு.

அந்த 200 அடியெடுப்பு தூரம் நடந்து போய், அங்கே நிரந்தரமாக இருக்கும் ஒரு பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மருந்துக்கடையின் விளக்குப் பலகை நல்ல அடையாளம், இரவிலும் எரியும். "அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டிகூட இல்லை என்றால்தான் இறங்கணும்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். "பார்த்துக் கடந்து போ" என்பதைவிட இது பல மடங்கு பயன் தரும். வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பது இந்த வயதில் கடினம், தூரத்தைத்தான் பார்ப்பார்கள். அதிலும் பைக் சிறியதாக இருப்பதால், அதே தூரத்தில் வரும் பஸ்ஸைவிடத் தள்ளி வருவதுபோல் தோன்றும். இரவில் ஒற்றை விளக்கை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அடையாளப் பலகை இருந்தால் கணிக்க வேண்டிய தேவையே இல்லை.

கடக்கும் இடத்துக்கு வலப்பக்கத்தில் பஸ் ஸ்டாப் இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். நிற்கும் பஸ் பார்வையை மறைக்கும், அதைச் சுற்றிக்கொண்டு பைக் வேகமாக வெளியே வரும். அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடைவெளி தேடுங்கள். இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. ஒரு கார்க்காரர் இரக்கப்பட்டு நின்று கையைக் காட்டுவார், பிள்ளை நன்றியோடு ஓடும், காரின் மறுபக்கத்தில் பைக் வந்துகொண்டிருக்கும். கார் நின்றாலும் அதன் ஓரம் வரை வந்து, நின்று, எட்டிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

பாதி கடந்து மீடியனில் நிற்கும் நேரத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மீடியன் பல ஊர்களில் சைக்கிளின் நீளத்தைவிடக் குறுகலானது. சைக்கிளைக் கடக்கும் வாக்கிலேயே வைத்து நின்றால் முன்சக்கரமோ பின்சக்கரமோ ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மீடியனின் கல் முடியும் முனையை ஒட்டி, சைக்கிளை ரோட்டுக்கு இணையாகத் திருப்பி நிறுத்த வேண்டும். இடைவெளியின் நடுவில் நிற்கக் கூடாது, யூ டர்ன் எடுக்கும் வண்டிகள் அதற்குள்தான் வருகின்றன.

இங்கேதான் டைனமோ விளக்கு கைவிடுகிறது. சக்கரம் நின்றதும் அதுவும் அணைந்துவிடும். பிள்ளை இருட்டில் நடுரோட்டில் நிற்கும் அந்த வினாடியில் விளக்கே இருக்காது. பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு பின்னாலும், வெள்ளை விளக்கு முன்னாலும் வேண்டும். பின்விளக்கை மாட்டியபின், பையோடு பிள்ளையை உட்காரவைத்து 20 அடி தள்ளி நின்று பாருங்கள். கேரியரில் கட்டிய பையோ ரெயின்கோட்டோ பாதி சைக்கிள்களில் விளக்கை மறைத்துவிடுகிறது. துப்பட்டாவின் நுனியை முடிந்து உள்ளே செருகச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரில் பை தொங்கவே கூடாது.

தனியாக விடும் முறை

முதல் இரண்டு நாள் பிள்ளை முன்னால், நீங்கள் பின்னால். வாய் திறக்காதீர்கள், எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த மூன்று நாள் கடக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். மூன்று நாளும் அடையாளப் பலகையைப் பார்த்து, இறங்கி, தள்ளிக் கடந்தால் அடுத்த நாள் தனியாகப் போகலாம். நண்பர்களோடு வந்த ஒரு நாளையும் சேர்த்துப் பாருங்கள். தனியாக இருக்கும்போது ஒழுங்காகக் கடக்கும் பிள்ளை, முன்னால் போனவன் கடந்துவிட்டான் என்பதற்காகவே பின்னால் ஓடும்.

மிஸ்டு கால் பழக்கம்

போய்ச் சேர்ந்ததும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. சாதாரண பட்டன் போனே போதும். "மறக்காமல் போன் பண்ணு" என்று சொன்னால் நான்காவது நாள் மறந்துபோகும். ஒரு செயலோடு கட்டிவிடுங்கள்: ஸ்டாண்ட் போட்டு, பூட்டிய பிறகு, சாவி பைக்குள் போவதற்கு முன் மிஸ்டு கால். கிளம்பும்போது சாவியை எடுத்ததும் மிஸ்டு கால், பிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவருக்கு ஒரு மணிக்கணக்கு வேண்டும். 2.8 கி.மீ. வழியை மூன்று இரவு ஓட்டிப் பார்த்ததில் அதிகபட்சம் 17 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் கூட்டிக்கொண்டால் 27. எட்டு மணிக்குக் கிளம்பியதாக மிஸ்டு கால் வந்தால் எட்டு இருபத்தேழு வரை யாரும் போன் செய்யக் கூடாது. இடையில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அழைப்பும் பிள்ளையின் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிடும். எட்டு இருபத்தேழுக்கு ஒரு முறை அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் டியூஷன் ஆசிரியரை அழையுங்கள். பிறகு ஒருவர் வீட்டிலேயே இருக்க, இன்னொருவர் அதே வழியில் எதிராகப் போக வேண்டும். இதற்காகத்தான் வழி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறோம். பெரும்பாலும் செயின் கழன்றோ பஞ்சராகியோ தள்ளிக்கொண்டு வரும் பிள்ளையைப் பாதி வழியில் பார்த்துவிடுவீர்கள். வழி முழுக்கப் போய்ப் பார்த்தும் இல்லை என்றால் தயங்காமல் 112-ஐ அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் பிள்ளையின் போனிலும் போட்டு வையுங்கள்.

கிளம்பும் மிஸ்டு காலே வரவில்லை என்றால், டியூஷன் முடிய வேண்டிய நேரத்திலிருந்து 15 நிமிடம் பொறுங்கள். வாசலில் நண்பர்களோடு பேசும் நேரம் அது, அதைப் பிடுங்கிக்கொண்டால் பொய்யான மிஸ்டு கால் வரத் தொடங்கும்.

வழியில் யாராவது பின்தொடர்ந்தாலோ கேலி செய்தாலோ பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் டியூஷனையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். நிறுத்தமாட்டோம், வழியைத்தான் மாற்றுவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாற்று வழி ஒன்றை ஓட்டிப் பார்த்தும் வையுங்கள். அதில் போகும் நாளில் இரண்டு மிஸ்டு கால் என்று பேசிக்கொண்டால், தேடிப் போகிறவருக்கும் குழப்பம் இருக்காது.

மழை பெய்தால் சைக்கிள் வேண்டாம், டியூஷனிலேயே காத்திருக்கட்டும். நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது, தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன பள்ளம் இருக்கிறது என்றும் தெரியாது. ஜூனில் பழக்கிய வழியை நவம்பர் முதல் வாரத்தில் மறுபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சென்னையில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவது மாலை 6.35-ஐ ஒட்டி, நவம்பர் கடைசியில் 5.40-க்கே இருட்டத் தொடங்கிவிடும். ஆறு மணி டியூஷனுக்கு அப்போது போகும் பயணமும் இருட்டில்தான்.