ஏலம் விடுவதா, பேரம் பேசுவதா?

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்பா காலத்துத் தேக்கு ஊஞ்சல், பித்தளைச் சங்கிலியோடு இருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு 18,000 ரூபாய்க்குக் கேட்கிறார். "இவரிடமே பேசி ஏற்றுவதா, இல்லை நாலு பேரைக் கூப்பிட்டு ஏலம் விடுவதா? ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது?" என்பது அவர் கேள்வி. அந்தக் கடைசி பயம் நியாயமானது. ஒரு அரசாங்கத்துக்கே அது நடந்திருக்கிறது.

1990-இல் நியூசிலாந்து அரசு வானொலி, தொலைக்காட்சி அலைக்கற்றைகளை ஏலம் விட்டது. மூடிய உறையில் தொகையை எழுதித் தர வேண்டும். அதிகம் எழுதியவருக்கு உரிமம், ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவதாக வந்தவர் எழுதிய தொகை. வாய் ஏலத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. இரண்டாமவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் விலையும் நிற்கும், வென்றவர் மனதில் இன்னும் எவ்வளவு வைத்திருந்தார் என்பது வெளியே வராது. ஆனால் நியூசிலாந்து அரசு குறைந்தபட்ச விலை எதையும் வைக்கவில்லை. 1,00,000 டாலர் எழுதிய ஒரு நிறுவனம் கட்டியது 6 டாலர். 70 லட்சம் டாலர் எழுதிய இன்னொன்று கட்டியது 5,000 டாலர். ஒரு சிறிய ஊரின் தொலைக்காட்சி உரிமத்துக்கு ஒரு பல்கலைக்கழக மாணவர் 1 டாலர் எழுதிப் போட்டார். போட்டிக்கு வேறு யாரும் இல்லை, அதனால் அவர் எதுவுமே கட்டாமல் உரிமத்தை வாங்கிக்கொண்டு போனார்.

வங்கி ஏல அறிவிப்புகளில் குறைந்தபட்ச விலையை 'ரிசர்வ் விலை' என்று போடுவார்களே, அது இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று முதல்முறை புரிந்தபோது எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஊஞ்சலுக்கு வருவோம். அதை வாங்க வருகிற ஒருவருக்கு அது 0 முதல் 60,000 ரூபாய் வரை எவ்வளவு வேண்டுமானாலும் பெறலாம், எல்லாத் தொகைக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். விற்காவிட்டால் ஊஞ்சலால் உங்களுக்குப் பயன் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே ஒருவர்தான் வருகிறார் என்றால், "30,000, ஒரு பைசா குறைக்க மாட்டேன்" என்று சொல்வதுதான் சிறந்த விலை. பாதி வாய்ப்பில் விற்கும், ஆக சராசரியாக 15,000 கைக்கு வரும்.

இப்போது இரண்டு பேரை வைத்து ஏலம். குறைந்தபட்ச விலை 30,000. ஒவ்வொருவரும் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் நாணயம் சுண்டுவது மாதிரிதான். கால்வாசி நேரம் இருவருமே மேலே இருப்பார்கள். அப்போது இருவரும் போட்டி போட்டு விலை தானாகவே சராசரியாக 40,000 வரை ஏறிவிடும், நீங்கள் போட்ட கோடு அங்கே ஒன்றும் செய்யாது. இன்னொரு கால்வாசி நேரம் இருவருமே கீழே. ஊஞ்சல் விற்காது. கோடு போடாமல் இருந்திருந்தால் சராசரியாக ஒரு 10,000 வந்திருக்கும், அது போச்சு. மீதிப் பாதி நேரம் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கோடு இல்லையென்றால் கீழே இருப்பவர் சராசரியாக 15,000-இல் விலகிவிடுவார், 50,000 கொடுக்கத் தயாராக வந்தவர் 15,000-க்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கோடு இருந்தால் 30,000 கட்டியே ஆக வேண்டும். கூட்டிப் பாருங்கள்: கோடு இல்லாமல் சராசரி 20,000, கோட்டோடு 25,000.

அந்தப் பாதி நேரத்தைக் கவனியுங்கள். கோட்டுக்கு மேலே நிற்பவர் ஒரே ஒருவர்தான் என்றால் அது ஏலமே இல்லை, நீங்களும் அவரும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிற பேரம். குறைந்தபட்ச விலை என்பது அந்தப் பேரத்தை முன்கூட்டியே பேசி முடித்து ஏலத்துக்குள் வைத்துவிடுவது. அதனால்தான் இந்தக் கணக்கில் இரண்டு பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் வைக்க வேண்டிய விலை அதே 30,000. பொருளாதார அறிஞர் ரோஜர் மயர்சன் 1981-இல் இதை நிறுவினார், 2007-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஊஞ்சல் உங்களுக்கே வெறும் மரமாக 10,000 பெறும் என்றால் கோடு 35,000-க்கு ஏறும். அதாவது உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையை விட நன்றாகவே மேலே வைக்க வேண்டும்.

சரி, ஏலமா பேரமா? மேலே சொன்ன கணக்கில் மூன்றாவதாக ஒருவரை மட்டும் சேர்த்து, குறைந்தபட்ச விலையே வைக்காமல் விட்டால் சராசரி 30,000 வரும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு மிகச் சரியான கோடு போட்டதை விட இது 5,000 அதிகம். ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1996-இல் இது ஊஞ்சல் கணக்குக்கு மட்டும் இல்லை, பொதுவாகவே உண்மை என்று காட்டினார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசினாலும் நிஜமான அக்கறையோடு வருகிற கூடுதல் ஆள் ஒருவருக்கு அது ஈடாகாது. அப்புறம், வாங்குபவர்கள் தனித்தனியாக மதிப்புப் போடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கின் நிபந்தனை. வந்தவர்கள் டீக்கடையில் கூடிப் பேசி சிண்டிகேட் போட்டுவிட்டால் ஐந்து பேரும் ஒரே ஆள்தான், அப்போது உங்களைக் காப்பாற்றுவது கோடு மட்டுமே. ஏலம் திரும்பத் திரும்பச் சரியாகக் குறைந்தபட்ச விலையிலேயே முடிந்தால் ஒன்று ஆள் போதவில்லை, இல்லை கூட்டு இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கோட்டை ரொம்ப மேலே போட்டாலும் வம்புதான். இந்திய அரசு 2016-இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி என்று வைத்தது, ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் குறைத்தும் விற்கவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஜியோ அதே குறைந்தபட்ச விலைக்கு வாங்கியது. இடைப்பட்ட ஆறு வருடம் அந்த அலைக்கற்றை யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. விற்காவிட்டால் விலையை இறக்குவார்கள் என்று தெரிந்தால் வாங்குபவர் காத்திருப்பார். அதனால் சொன்ன சொல்லில் நிற்க முடிகிறவருக்குத்தான் இந்தக் கோடு முழுப் பலன் தரும்.

நம் ஊரில் அப்படி நிற்க விடாமல் செய்வது 'வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டக்கூடாது' என்ற பேச்சு. முதலில் கேட்டவரைத் திருப்பி அனுப்பினால் ராசி போய்விடும் என்று பொருளை அப்படியே தூக்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். அந்தக் கால்வாசி நேரம் விற்காமல் போவது அபசகுனம் இல்லை. மற்ற நேரங்களில் கூடுதல் விலை கிடைப்பதற்கு நாம் கொடுக்கிற விலை அது.

ஊஞ்சல்காரருக்கு நான் சொல்வது: இந்த வியாபாரியிடம் இன்றைக்கு முடிக்காதீர்கள். ஊஞ்சலைப் படம் எடுத்துப் பலகையின் நீளம், அகலம், கனத்தைக் குறித்து, இதே மாதிரிப் பொருள் வாங்குகிற இன்னும் இரண்டு பேருக்காவது அனுப்பி, ஒரே நாளில் தனித்தனியாக விலை கேளுங்கள். அதற்கு முந்தின இரவே உங்கள் குறைந்தபட்ச விலையை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு தேடியும் வேறு ஆளே கிடைக்கவில்லை என்றால் பேரம்தான், அப்போதும் அந்தத் தாளில் இருக்கிற எண் அதேதான்.