ராஜ்மா: ஒரு பெயரும் அரை மணி நேரக் கொதியும்

மட்டக்களப்புக் கடைகளிலும் கல்முனைக் கடைகளிலும் கருஞ்சிவப்பு நிறத்தில், விரல் நுனி அளவில், உள்வளைந்த ஒரு விதை விற்கிறார்கள். பக்கற்றில் கிட்னி பீன்ஸ் என்று இருக்கும். இந்தியப் பக்கற் என்றால் ராஜ்மா. பெரிய ரகக் கௌபி என்று எண்ணி வாங்கிப் போகிறவர்களும் உண்டு. பெயரில் வரும் இந்தக் குழப்பம் அடுப்பு வரைக்கும் போய்விடுகிறது. கௌபியை அவிக்கிற பழக்கத்திலேயே இதையும் அவித்தால் வயிறு பாடுபடும்.

ராஜ்மா இந்தி வழி வந்த சொல். அதன் மூலம் சமஸ்கிருதத்தின் 'ராஜமாஷம்'. மாஷம் என்றால் உளுந்து. அரசனுக்குரிய உளுந்து என்று பொருள் கொள்ளலாம். ஆனால் பழைய நூல்களின் ராஜமாஷம் இந்தச் சிவப்பு விதை அல்ல. நாம் கௌபி என்றும், தமிழ்நாட்டில் காராமணி, தட்டைப்பயறு என்றும் சொல்லும் பயறுதான் அது. இப்போது ராஜ்மா எனப்படும் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் அது மற்றக் கண்டங்களுக்குப் பரவியது. புதிதாக வந்த விதை பழைய பயறின் பெயரை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. இந்த இனத்தின் அறிவியல் பெயரில் உள்ள 'பெசியோலஸ்' என்ற சொல்லும் கிரேக்கரும் உரோமரும் கௌபி வகைப் பயறுக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்ததே.

தமிழ்நாட்டுப் பக்கற்றுகள் சிலவற்றில் ராஜ்மாவுக்குச் 'சிவப்புக் காராமணி' என்று தமிழ் போட்டிருக்கிறார்கள். இது கேடான மொழிபெயர்ப்பு. காராமணி வேறு இனம், அதை அவிக்கும் முறையும் வேறு. கிட்னி என்பது வடிவத்தை வைத்து ஆங்கிலத்தில் வந்த பெயர். அதைச் 'சிறுநீரக அவரை' என்று மாற்றினாலும் அவரையும் வேறு செடிதான்.

சரியான சொல் இலங்கைத் தமிழரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சந்தையில் பச்சையாக வாங்கிக் கறி வைக்கிறோமே, அந்தப் போஞ்சியும் இந்த விதையும் ஒரே இனம். போஞ்சியைப் பிஞ்சில் பறித்துக் காயாக உண்கிறோம். இது முற்றிக் காய்ந்த விதைக்காக வளர்க்கப்படும் ரகம். போஞ்சி என்பதும் கடன்சொல்தான். சின்ன அவரை விதையைக் குறிக்கும் டச்சுச் சொல் சிங்களத்திலும் தமிழிலும் இப்படி நிலைத்தது. மட்டக்களப்புக் கோட்டையை டச்சுக்காரர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டைச் சுவர்களோடு இந்தச் சொல்லும் இங்கே தங்கிவிட்டது. ஆகவே 'சிவப்புப் போஞ்சி விதை' என்பதே என் தெரிவு.

பிரித்தறிவது எளிது. கௌபி சிறியது, அதன் கண்ணைச் சுற்றி நிறம் மாறிய ஒரு வளையம் தெரியும். சிவப்புப் போஞ்சி விதை அதைவிடப் பெரியது, தோல் பளபளக்கும், உள்வளைவில் சின்ன வெள்ளைத் தழும்பு இருக்கும்.

இந்த விதையில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம் மிகுந்திருக்கிறது. பெயரைப் பிரித்தால் தாவரம், குருதி, ஒட்டுதல் என்று வரும். சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரள வைப்பதால் அமைந்த பெயர்; தமிழில் 'தாவரக் குருதி ஒருங்கொட்டி' எனலாம். உண்டால் அது குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நான்கைந்து பச்சை விதைகளே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும், பிறகு வயிற்றோட்டமும் வரும். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். குழந்தைகளும் முதியவர்களும் நீரிழப்பால் தளர்ந்துவிடலாம். வாந்தி நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த நச்சை அளக்கும் அலகில் பச்சைச் சிவப்பு விதை 20,000 முதல் 70,000 வரை காட்டும். நன்றாகக் கொதித்து வெந்த பிறகு அது 200 முதல் 400 வரை இறங்கிவிடும்.

பிரஷர் குக்கர் இல்லாத வீட்டில், கால் கிலோ விதையை இரவு ஒன்பது மணிக்கு ஒரு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரில் ஊறப்போடுங்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் வேண்டும். விடியும் வரை விட்டால் நல்லது. நடு வரை ஈரம் ஏறிய விதையில்தான் சூடு சீராக உள்ளே போகும். நம் வெக்கையில் அதற்கு மேலும் விட்டால் நுரை கட்டிப் புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள். அதில் நச்சின் ஒரு பங்கு இறங்கியிருக்கும். விதையைக் கழுவி, இரண்டு லீற்றர் புதுத் தண்ணீரில் ஐந்தேகாலுக்கு அடுப்பில் ஏற்றுங்கள். ஓரத்தில் குமிழ் விடுவது கொதியல்ல. பானை முழுவதும் தளதளவென்று புரண்டு, கிளறினாலும் அடங்காத கொதிதான் கணக்கு. அது ஐந்தரைக்கு வந்தால் ஆறு மணி வரை அந்த வேகம் தணியக்கூடாது. பத்து நிமிடம் போதும் என்று சொல்லும் வழிகாட்டல்களும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முப்பது நிமிடம் என்கிறது. விறகடுப்பில் தீ ஏறி இறங்கும் என்பதால் நான் முப்பதையே பிடித்துக்கொள்வேன். தண்ணீர் வற்றினால் கொதிநீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டுக் கொதி அடங்கினால், மறுபடி கொதித்த பிறகு முப்பது நிமிடத்தைத் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள்.

ஆறு மணிக்குப் பிறகு தீயைத் தணித்து மூடி வைத்து வேகவிடலாம். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்; பழைய விதையும் கடினமான கிணற்றுநீரும் இன்னும் இழுக்கும். வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்தாறு விதையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். ஒன்றின் நடுவாவது நசுங்காமல் கடினமாக இருந்தால் வேக்காடு போதாது. புளியும் தக்காளியும் தோலை இறுக்கிவிடும் என்பதால் விதை மெதுவான பிறகே சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பாலும் கடைசியில்தான்.

பெரிய ஆபத்து அரைகுறைச் சூட்டில் இருக்கிறது. கொதிக்காத 75, 80 பாகை சூட்டில் நெடுநேரம் கிடந்தால் நச்சு குறைவதற்குப் பதில் ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். அதனால் எரிவாயுவை மிச்சம் பிடிக்க ஊறிய விதையைச் சுடுநீர்ப் போத்தலில் அடைத்து வைப்பதும், மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேரே போடுவதும், தணிந்த கறிக்குள் பச்சையாகச் சேர்ப்பதும் கூடாது. அப்படி வெந்த விதை விரலுக்கு மெதுவாக இருக்கும். ஆனால் மெதுமை நச்சு போனதற்குச் சான்றல்ல. சத்துமாவுக்குப் பயறு வறுத்து இடிப்பதுபோல இதை வறுத்து இடிப்பதும் வேண்டாம். ஈரமில்லாத சூட்டை இந்தப் புரதம் நன்றாகத் தாங்கும். வெள்ளை நிற விதையில் நச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும் அதையும் இப்படியே கொதிக்கவைக்க வேண்டும். ரின்னில் அடைத்து வருவது ஏற்கெனவே வெந்தது. கழுவிவிட்டு அப்படியே கறியில் போடலாம்.