டைமர் போட்டும் ஸ்க்ரோலிங் ஏன் நிற்கவில்லை?

"டைமர் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன் மேடம், வேலைக்கு ஆகல." உளவியல் ஆலோசகராக என் அறையில் வாரம் ஒருமுறையாவது இதைக் கேட்கிறேன். சொல்பவர்கள் பிள்ளைகள் அல்ல. முப்பது, நாற்பது வயதுக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் பிள்ளைகளிடம் "போனை வை" என்று சொல்கிறவர்கள். யாரும் சொல்லி அனுப்பாமல் தாங்களாகவே குறைக்க வேண்டும் என்று வருகிறார்கள். அப்படி வந்த ஒருவரின் கதையைத்தான், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே சொல்லப்போகிறேன்.

வயது 41, தனியார் நிறுவனத்தில் கணக்காளர். கையில் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஐபோன். இரவில் தூக்கம் கெடுகிறது, காலையில் அலுவலகத்தில் கண் எரிகிறது. இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று போன் செட்டிங்கிலேயே வரம்பு வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பயன்பாடு மட்டும் குறையவே இல்லை.

முதலில் ஸ்க்ரீன் டைம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். தினசரி சராசரி ஆறு மணி நேரத்துக்கும் மேல் என்று காட்டியது. அவர் முகம் தொங்கிவிட்டது. ஆனால் அந்த எண்ணை நான் உடனே நம்புவதில்லை. ஐபோனில் ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்கும் எல்லாக் கருவிகளின் நேரத்தையும் சேர்த்துக் காட்டும் வசதி ஒன்று உண்டு. இவர் வீட்டில் இருக்கும் பழைய ஐபேடும் இவர் கணக்கில்தான் இருந்தது. அதில் மகன் பார்க்கும் கார்ட்டூன் தினமும் இரண்டு மணி நேரம் அப்பா தலையில் ஏறிக்கொண்டிருந்தது. இவருடைய போனை மட்டும் தனியாகப் பார்த்ததும் நான்கு மணி நேரத்துக்கு வந்தது. அதிலும் வாட்ஸ்அப், வங்கி ஆப், மேப் என்று வேலைக்குத் தேவையானவை கணிசமாக இருந்தன. மொத்த எண் என்பது ஹோட்டல் பில்லின் கடைசி வரி மாதிரி. யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது அதில் தெரியாது.

அதனால் நான் கேட்பது வாரச் சராசரியை அல்ல, ஒரே ஒரு நாளை. ஐபோனில் ஒரு நாளைத் தொட்டால் மணிவாரியாகப் பட்டைகள் தெரியும். அவருடைய செவ்வாய்க்கிழமையை எடுத்தோம். இன்ஸ்டாகிராம் 2 மணி 12 நிமிடம். இது எங்கே போனது என்று பிரித்துப் பார்த்தோம்.

பகல் முழுக்கச் சேர்த்தே 28 நிமிடம்தான். டீ இடைவேளையில் கொஞ்சம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம், பேருந்தில் கொஞ்சம். இரவு 10.40 மணிக்கு மேல் 58 நிமிடம். மீதி 46 நிமிடம் எங்கே? நள்ளிரவு 12 மணியிலிருந்து 12.50 மணிக்குள். அதாவது திங்கள் இரவு படுக்கையில் ஆரம்பித்தது கணக்கில் செவ்வாய் என்று பதிவாகியிருந்தது.

டைமர் ஏன் தோற்றது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. ஐபோனிலும் சரி, ஆண்ட்ராய்டிலும் சரி, செயலிக்கு வைக்கும் தினசரி வரம்பு நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். நமக்கு நாள் முடிவது தூங்கும்போது, போனுக்கு முடிவது 12 மணிக்கு. இவர் 12 மணிக்கும் விழித்திருக்கும் ஆள். எனவே மணி 12 அடித்ததும் போன் இவருக்குப் புதிதாக 30 நிமிடம் கொடுத்தது. அதைப் படுக்கையிலேயே செலவழித்தார். 12.30 வாக்கில் வரம்பு முடிந்துவிட்டது என்ற திரை வந்தது. அதில் Ignore Limit என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் இன்னும் ஒரு நிமிடம், 15 நிமிடம் கழித்து நினைவூட்டு, இன்றைக்கு வரம்பே வேண்டாம் என்று மூன்று வழிகள் வரும். கண் சொருகும் நேரத்தில் மனிதர் எதைத் தொடுவார்? கடைசியில் இருக்கும் Ignore Limit for Today. அப்படித் தொட்ட நேரம் நள்ளிரவு 12.30. போன் கணக்கில் 'இன்றைக்கு' என்பது அடுத்த 23 மணி நேரத்துக்கும் மேல். விடிந்த பிறகு டீ இடைவேளைக்கும் வரம்பு கிடையாது, அடுத்த ராத்திரி 10.40-க்கும் கிடையாது. மறுபடி 12 மணிக்குப் புதுசாக 30 நிமிடம்.

ஒரு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது. தினமும் ஒரே ஒரு தொடுதல், அதுவும் அரைத்தூக்கத்தில். "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மணிக்கு யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

செயலிக்குள்ளேயே வரும் நினைவூட்டல்கள் இதைவிடவும் மென்மையானவை. இன்ஸ்டாகிராம் 2021 டிசம்பரில் கொண்டுவந்த 'கொஞ்சம் ஓய்வெடுங்கள்' வசதியில் 10, 20, 30 நிமிடம் என்று தேர்ந்தெடுக்கலாம். தொடர்ந்து அவ்வளவு நேரம் பார்த்தால் ஓர் அறிவிப்பு வரும். ஒரு தட்டு தட்டினால் போய்விடும். யூடியூபின் ஓய்வு நினைவூட்டலில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. செயலியை மூடினாலோ, வேறு கருவிக்கு மாறினாலோ, வீடியோவை 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தாலோ அதன் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்த்தால் கடிகாரம் ஓடவே ஓடாது. ஆக, துண்டு துண்டாக ஒரு நாளில் நாற்பது தடவை திறந்து மூடுகிறவருக்கு இந்த நினைவூட்டல் ஒருமுறைகூட வராமல் போகலாம். 'அட, அரை மணி ஆச்சா?' என்று நேரம் போவதே தெரியாதவர்களுக்கு இது உதவும். மணி என்ன என்று நன்றாகத் தெரிந்தும் விட முடியாதவர்களுக்கு உதவாது. நம் கணக்காளர் இரண்டாவது ரகம்.

நினைவூட்டலின் பலம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு பொதுவெளியில் இருக்கிறது. டிக்டாக் மீது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2024 அக்டோபரில் வெளியே வந்தன. பதின்வயதினருக்கு 60 நிமிட வரம்பு வைத்துச் சோதித்ததில், அவர்களின் தினசரி நேரம் சுமார் 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடத்துக்குத்தான் குறைந்தது என்று அவற்றில் இருந்தது. பெரியவர்களைப் பற்றிய எண் அல்ல அது. இருந்தாலும் தாண்டிப் போக வழி வைத்த வரம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஓர் அளவுகோல்.

சரி, இவருக்கு என்ன செய்தோம்? முதலில் இன்ஸ்டாகிராமின் 30 நிமிட வரம்பை எடுத்துவிட்டோம். அவருக்கே ஆச்சரியம். பகலில் 28 நிமிடம் பார்ப்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை, பிரச்சினை ராத்திரியில். எத்தனை நிமிடம் என்று எண்ணும் கருவியை விட்டுவிட்டு, எந்த மணி என்று பார்க்கும் கருவிக்கு மாறினோம். ஐபோனில் அதற்கு Downtime என்று பெயர். இரவு 10.45 முதல் காலை 6 வரை என்று வைத்தோம். இது நள்ளிரவைத் தாண்டியும் ஒரே நீட்டாக ஓடும், 12 மணிக்குப் புதுக் கணக்கு ஆரம்பிக்காது. அந்த நேரத்தில் அழைப்பு, வாட்ஸ்அப் போல நாம் அனுமதித்தவை மட்டும் திறக்கும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் Digital Wellbeing பக்கத்தில் Focus mode என்பதில் செயலிகளைத் தேர்ந்தெடுத்து, மணியும் கிழமையும் குறிக்கலாம். அதிலும் Take a break என்று ஒரு பொத்தான் இருக்கிறது. போனுக்கு ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப்பாட்டுக்குத்தான் அது ஓய்வு கொடுக்கும்!

Downtime-இலும் அதே Ignore Limit பொத்தான் வரும். அதை அகற்றத் தனியாக நான்கு இலக்க ஸ்க்ரீன் டைம் கடவு எண் ஒன்று வைத்து, நேரம் வந்ததும் தடுத்துவிடும்படி மாற்ற வேண்டும். அந்த எண் நமக்குத் தெரியக் கூடாது. மனைவியைப் போடச் சொன்னார். ஐந்தே நாளில் வீட்டில் சண்டை. "நம்பர் சொல்லு", "சொல்ல மாட்டேன்", "நான் என்ன உங்க வாட்ச்மேனா?" என்று ஆகிவிட்டது. இது நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று, அவரை அப்படியே அனுப்பியது என் தவறுதான். கணவன் மனைவிக்குள் சாவி கொடுப்பதை இப்போதெல்லாம் நான் பரிந்துரைப்பதில்லை.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவி புது எண் போட்டு, ஒரு சீட்டில் எழுதி, மடித்து ஸ்டேபிள் அடித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டு கீழே நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் போனது. வீடு இரண்டாவது மாடி. வேண்டுமானால் தாராளமாகப் பார்க்கலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம், ஆனால் ராத்திரி 11 மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்க வேண்டும். ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு கொண்டு அந்த எண்ணை மாற்றவும் வழி இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். பூட்டு உடைக்க முடியாததாக இருக்க வேண்டியதில்லை. உடைக்க ஐந்து நிமிடம் ஆனால் போதும், அதற்குள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கை திரும்பி வந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது இரவு இன்ஸ்டாகிராம் ஏறக்குறைய பூஜ்யம். எனக்கும் சந்தோஷம்தான், பட்டைகளைப் பார்க்கும்வரை. 11 மணிக்கும் 12 மணிக்கும் பட்டை அப்படியே உயரமாக நின்றது, நிறம் மட்டும் வேறு. தூங்கும்போது இளையராஜா பாட்டு கேட்பேன் என்று யூடியூபை அனுமதிப் பட்டியலில் சேர்த்திருந்தார். பாட்டில் ஆரம்பித்து ஷார்ட்ஸில் முடிந்திருக்கிறது, தினமும் 40 நிமிடத்துக்குக் குறையாமல். ஒரு செயலியின் எண் குறைந்தால் நான் நம்புவதில்லை, அதே மணியின் மொத்தப் பட்டை குறைந்ததா என்றுதான் பார்ப்பேன். ஆண்ட்ராய்டுக்காரர்கள் குரோமையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். செயலியைப் பூட்டினால் அதே தளம் பிரவுசரில் திறக்கும்.

யூடியூபைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். பாட்டுக்கு வீட்டில் கிடந்த எஃப்எம் ரேடியோவைத் தூசு தட்டினார். அடுத்த மாதம் 11 மணிப் பட்டை இருந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிட வாட்ஸ்அப் மட்டும். பகலில் இன்ஸ்டாகிராம் 28 நிமிடத்திலிருந்து 45 ஆகியிருந்தது. அதைக் குறைக்கணுமா என்று கேட்டார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். பதினொன்றேகாலுக்குத் தூங்கிவிடுகிறாராம். அப்படியானால் 45 இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்த சீட்டை ஒரே ஒரு தடவை போய் எடுத்ததாகச் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்ததாம். பாதிப் படியில் ஸ்டேபிளைப் பிரித்துவிட்டு, எண்ணைப் பார்க்காமலேயே மேலே ஏறி வந்து, மறுநாள் காலை மனைவியிடம் வேறு எண் போடச் சொல்லியிருக்கிறார்.