சப்டொமைன் சேர்த்தாச்சு, ஆனால் திறக்கவில்லை: 60 வினாடி போட்டும் 3 மணி நேரம் காத்திருந்த கதை

கொடைக்கானலில் இருந்துகொண்டு நான் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் காட்டேஜ்காரர்களின் வலைத்தளங்கள்தான். சீசனுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது மாற்ற வேண்டியிருக்கும். பூம்பாறைப் பக்கம் நான்கு அறை வைத்து வாடகைக்கு விடும் ஒரு அக்காவுக்கு, அறை பதிவு செய்ய மட்டும் தனியாக ஒரு சப்டொமைன் வேண்டும் என்றார்கள். அவர் தம்பிக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு. "நானே பேனல்ல சேத்துடறேன்" என்று சேர்த்தும் விட்டார். காலை 11 மணி வாக்கில் எனக்குப் போன்.

"அண்ணே, பத்தரைக்கே ஏ ரெக்கார்டு போட்டாச்சு. டிடிஎல் 60 செகண்டுதான் வச்சேன். அரை மணி நேரமாச்சு, இன்னும் ஓப்பன் ஆகல. ஆனா மதுரைல அக்கா பொண்ணுக்கு ஓப்பன் ஆகுது."

ஏ ரெக்கார்டு என்பது ஒரு பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் பதிவு. அந்தப் பதிலை மற்ற சர்வர்கள் எத்தனை வினாடி நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் எண்தான் டிடிஎல். தம்பியின் இந்த நான்கு வாக்கியத்திலேயே நோய் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சோதிக்காமல் சொல்லக்கூடாது. அவர்களுடைய உண்மையான பெயரைச் சொல்ல வேண்டாம் என்பதால், இங்கே `booking.example.com` என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது, பதிவு சரியான இடத்தில் இருக்கிறதா என்பது. இதற்கு பிரவுசரை நம்பக் கூடாது. அந்த டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் மூல சர்வரை, அதாவது அதன் சொந்த நேம்சர்வரையே நேராகக் கேட்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதல் வரியில் நேம்சர்வர் எது என்றும், இரண்டாவது வரியில் அதனிடமே பெயரையும் கேட்டேன்:

```
nslookup -type=ns example.com.
nslookup booking.example.com. ns1.example.net
```

பெயரின் கடைசியில் இருக்கும் புள்ளியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பங்குக்கு ஏதாவது வாலைச் சேர்த்துக் கேட்டுப் பார்க்கும். இரண்டாவது கட்டளைக்கு ஐபி முகவரி சரியாக வந்தது. ஆக, தம்பி சேர்த்ததில் பிழை இல்லை. இங்கேயே "இல்லை" என்று வந்திருந்தால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். டொமைன் வாங்கிய இடத்தின் பேனலில் பதிவைச் சேர்த்திருப்பார்கள், நேம்சர்வரோ வேறு நிறுவனத்தில் இருக்கும். அல்லது பெயர்க் கட்டத்தில் `booking` என்று மட்டும் எழுத வேண்டிய இடத்தில் முழுப் பெயரையும் எழுதியிருப்பார்கள். சில பேனல்கள் அதை அப்படியே எடுத்து, `booking.example.com.example.com` என்று ஒரு விசித்திரத்தை உருவாக்கி வைக்கும். இரண்டு நாள் காத்திருந்து பிறகு என்னிடம் வந்தவர்களில் பலர் இந்த ரகம்தான்.

சரி, மூல சர்வரில் இருக்கிறது, மதுரையில் திறக்கிறது, பூம்பாறையில் மட்டும் திறக்கவில்லை. அக்காவின் லேப்டாப்பை இங்கிருந்தே இணைத்துக்கொண்டு, பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர், அவர்கள் வீட்டு பிராட்பேண்டில் என்ன சொல்கிறது என்று கேட்டேன். அப்போது மணி 11:20.

```
nslookup -debug booking.example.com.
```

நீளமாக வந்த பதிலில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

```
rcode = NXDOMAIN
AUTHORITY RECORDS:
->  example.com
    ttl = 6300 (1 hour 45 mins)
    default TTL = 10800 (3 hours)
```

`NXDOMAIN` என்றால் "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று பொருள். பெயர் இருக்கும்போது ஏன் இப்படிச் சொல்கிறது?

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் வந்து, "இன்னைக்குப் பூம்பாறைக்கு ஸ்பெஷல் பஸ் உண்டா?" என்று கேட்கிறார். டீக்கடைக்காரர் போய் டைம் கீப்பரிடம் விசாரிக்கிறார். "இல்லை. மூணு மணி நேரத்துக்கு யார் கேட்டாலும் இல்லைன்னே சொல்லிடு" என்று பதில் வருகிறது. அரை மணி நேரத்தில் ஸ்பெஷல் பஸ் அறிவித்துவிட்டார்கள். ஆனால் டீக்கடைக்காரர் அந்த மூன்று மணி நேரம் முடியும் வரை "இல்லை" என்றேதான் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிறார்.

உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்தான் அந்த டீக்கடைக்காரர். "இருக்கிறது, முகவரி இது" என்ற பதிலை மட்டும் அது நினைவில் வைப்பதில்லை, "இல்லை" என்ற பதிலையும் வைத்துக்கொள்கிறது. அந்த "இல்லை"யை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை, நீங்கள் புதிதாகச் சேர்த்த பதிவின் டிடிஎல் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்கவும் முடியாது, "இல்லை" என்று சொன்ன நேரத்தில் அந்தப் பதிவே பிறக்கவில்லையே! டொமைன் முழுமைக்கும் பொதுவாக இருக்கும் எஸ்ஓஏ பதிவின் கடைசி எண்தான் அந்தக் காலக்கெடு. எஸ்ஓஏ பதிவுக்கென்று ஒரு டிடிஎல் உண்டு. அதுவும் இந்தக் கடைசி எண்ணும் வேறுபட்டால், இரண்டில் சிறியது எதுவோ அது செல்லும். அக்காவின் டொமைனில் அது 10800 வினாடி, அதாவது 3 மணி நேரம். பதிவில் 60 போட்டாலும் 6 போட்டாலும் இந்த "இல்லை" அசையாது.

மேலே விண்டோஸ் இந்த எண்ணை `default TTL` என்று காட்டுவதைப் பாருங்கள். நிறையப் பேரைக் குழப்புவது இந்தப் பெயர்தான். ஒரு காலத்தில் அந்த எண்ணுக்கு அப்படியும் ஒரு பொருள் இருந்தது. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ற ஆவணம், "இல்லை" என்ற பதிலின் ஆயுள் என்ற ஒரே பொருளை அதற்கு வைத்தது. விண்டோஸ் மட்டும் இன்றும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஆவணமே 1 முதல் 3 மணி நேரம் வரை வைப்பது நன்றாக வேலை செய்கிறது என்றும், ஒரு நாளுக்கு மேல் வைத்தால் சிக்கல் என்றும் சொல்கிறது. அப்படியிருந்தும் 86400, அதாவது முழு ஒரு நாள் என்று வைத்திருக்கும் பேனல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். மொத்த ஆயுள் 10800, 11:20-க்கு மீதி 6300. கழிந்தது 4500 வினாடி, 75 நிமிடம். ஆக, இந்தப் பெயரை யாரோ 10:05-க்குக் கேட்டிருக்கிறார்கள். பதிவு சேர்த்ததோ 10:30-க்கு. அக்காவிடமே கேட்டேன்.

"அக்கா, பத்து மணி வாக்குல அந்த அட்ரஸ அடிச்சுப் பாத்தீங்களா?"

"ஆமா தம்பி, இன்னைக்குத் தயாராயிரும்னு அவன் நேத்தே பேரச் சொன்னான்ல. வந்துருச்சான்னு பாத்தேன். வரலன்னு அவனுக்குப் போட்டோ கூட எடுத்து அனுப்பினேனே."

வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தின் நேரம் 10:05. ஆசையாக எட்டிப் பார்த்த அந்த ஒரு முறைதான் மூன்று மணி நேரத்தைத் தின்றது. மதுரைப் பெண் பதிவு சேர்த்த பிறகுதான் முதல் தடவை கேட்டாள். அவளுடைய நிறுவனத்தின் சர்வரிடம் பழைய "இல்லை" எதுவும் இல்லை, அதனால் உடனே திறந்தது.

இதற்குத்தான் "உலகம் முழுக்கப் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் தீராத கோபம். டிஎன்எஸ்ஸில் பதிவை யாரும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பரப்புவதில்லை. கேட்டவர்களுக்குப் பதில் போகிறது, போன பதில் காலாவதியாகிறது, அவ்வளவுதான். 48 மணி நேரம் என்ற கணக்கு நேம்சர்வரையே மாற்றும்போது ஓரளவு பொருந்தும். `.com` பெயர்களுக்கு நேம்சர்வர் எது என்று மேலிருந்து வரும் பதிலின் டிடிஎல் 172800 வினாடி, சரியாக 2 நாள். ஒரு புது சப்டொமைனுக்கு அதைச் சொல்வது, ஜலதோஷத்துக்கு வந்தவரை வார்டில் படுக்கவைப்பது போல.

திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுமோ என்று தம்பிக்குப் பயம். ஓடாது. மீதி நேரம் குறைந்துகொண்டேதான் வரும். ரவுட்டரை அணைத்துப் போடுவதாலும், `ipconfig /flushdns` அடிப்பதாலும் வீட்டுக்குள் இருக்கும் நினைவு மட்டுமே அழியும். டீக்கடைக்காரரின் நினைவு அழியாது. அவசரம் என்றால் வேறு கடையில் கேட்கலாம். லேப்டாப்பின் டிஎன்எஸ்ஸை, பொது டிஎன்எஸ் சேவைகளான `1.1.1.1` என்றோ `8.8.8.8` என்றோ மாற்றினால் பெரும்பாலும் உடனே திறக்கும். அங்கேயும் யாராவது முன்பே கேட்டு "இல்லை" பதிந்திருந்தால், ஒரு பெயரின் பழைய பதிலை அழிக்க அந்த இரண்டு சேவைகளும் பொதுவில் ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. `8.8.8.8`-க்குப் பின்னால் பல சர்வர்கள் தனித்தனி நினைவோடு இருப்பதால், ஒரு தடவை திறந்து அடுத்த தடவை திறக்காமல் போவதும் உண்டு. அது பதிவின் கோளாறு இல்லை.

அக்காவுக்கு இதில் எதையும் செய்யவில்லை. அறை தேடி வரும் விருந்தினர்கள் யாரும் அந்தப் பெயரை முன்பே கேட்டிருக்கப் போவதில்லை, அவர்களுக்குத் திறக்கும். அக்காவின் வீட்டில் மட்டும் 1:05 வரை திறக்காது என்று சொல்லிவிட்டு வைத்தேன். 1:10-க்கு, பச்சைத் தலையணை உறை தெரியும் அறைப் படத்தோடு அறைப் பதிவுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் வந்தது.

அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. பதிவைச் சேர்த்து, மூல சர்வரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் புதுப் பெயரை வாடிக்கையாளருக்கே சொல்கிறேன். பேனல் அனுமதித்தால் எஸ்ஓஏவின் அந்தக் கடைசி எண்ணை ஒரு நாள் முன்பே 300 ஆக்கி வைக்கிறேன்.

தம்பி போட்ட 60 வீணா என்றால், இல்லை. அது வேறு நாளைக்கு உதவும் எண். ஏற்கெனவே இருக்கும் பதிவின் முகவரியை மாற்றும்போது, பழைய முகவரியை எல்லோரும் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதை, மாற்றுவதற்கு முன்பு இருந்த டிடிஎல்தான் சொல்லும். 86400 வைத்திருந்தவர் மாற்றும் நேரத்தில் 60 ஆக்கினால் பயனில்லை. பழைய பதிலை ஏற்கெனவே வாங்கிப்போனவர்கள் ஒரு நாள் வரை பழைய சர்வருக்கே போவார்கள். ஒரு நாள் முன்பே குறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, அறைப் பதிவு மென்பொருள் தரும் நிறுவனம் சர்வரை மாற்றியது. ஐபியை மாற்றிவிட்டு உட்கார்ந்தோம். இரண்டு நிமிடத்துக்குள் பூம்பாறையில் புதுப் பக்கம் திறந்தது.

"பாத்தீங்களாண்ணே, நான் அன்னைக்கே 60 போட்டேன்ல" என்றார் தம்பி.