நிலத் தகராறு: ஸ்டேஷனா, ஆர்.டி.ஓ.வா, கோர்ட்டா?

நிலத் தகராறோடு என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் பலர் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் மாதக்கணக்கில் அலைந்துவிட்டுத்தான் வருகிறார்கள். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று ஸ்டேஷனில் சொல்லியிருப்பார்கள். அது பாதி சரி. நிலம் யாருக்குச் சொந்தம் என்று போலீஸ் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் அந்த நிலத்துக்காக நாளைக்கே வெட்டுக்குத்து வரும் என்றால், அதை வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு அறிக்கையாக அனுப்புவது அவர்கள் வேலைதான்.

இதற்கான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 164. இங்கே ஆர்.டி.ஓ. வருவாய் அதிகாரியாக இல்லை, நிர்வாக நடுவராக உட்காருகிறார். அமைதி கெடும் என்று ஏன் நினைக்கிறார் என்பதை எழுத்தில் பதிவு செய்து, இரண்டு தரப்பையும் வரச்சொல்லி, அன்றைய தேதியில் நிலம் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசத்தில், இருந்தது என்பதை மட்டும் பார்ப்பார். பத்திரம் யாருடையது செல்லும் என்ற கேள்விக்குள் அவர் போக முடியாது, அது சிவில் கோர்ட் வேலை.

ஒரு கணக்குக்கு, பங்காளிகள் இருவர். பட்டா அண்ணன் பேரில், பல வருஷமாக உழுவது தம்பி. ஜூன் 10 அன்று அண்ணன் ஆட்களோடு டிராக்டரை இறக்கி தம்பியை விரட்டிவிடுகிறார். அடிதடி நடந்திருந்தால் அதற்குத் தனியாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், அதில் ஆர்.டி.ஓ.வுக்கு வேலையில்லை. நிலத்தைப் பொறுத்தவரை, போலீஸ் அறிக்கையோ வேறு தகவலோ நடுவருக்குக் கிடைத்த நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரே அனுபவத்தில் இருப்பதாக நடுவர் எடுத்துக்கொள்ளலாம். ஜூலை 25 அன்று மனு போய்ச் சேர்ந்தால் தம்பிக்கு வழி இருக்கிறது. வாய்மொழியாகவே புகார் சொல்லிக்கொண்டிருந்து செப்டம்பரில் போனால், அண்ணன்தான் அனுபவத்தில் இருக்கிறார் என்று ஆகிவிடும்! போலீஸ் அறிக்கைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை, வேறு தகவல் என்று சட்டமே சொல்வதால் நேராக ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்கலாம்.

அப்புறம், விசாரணையில் பட்டாவை விட அடங்கலுக்கு வேலை அதிகம். எந்தப் பசலியில் யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு அது, ஆனால் வயலைப் பார்க்காமலே போன வருஷத்துப் பதிவைத் திரும்ப எழுதுவதும் நடக்கிறது, அதனால் பக்கத்து வயல்காரரின் சாட்சியமும் வேண்டும்.

தாசில்தார் நடத்தும் அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்துப் போட்டதோடு முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது 164-ன் கீழ் வரும் உத்தரவு இல்லை. அதே நிலத்தின் அனுபவம் பற்றி சிவில் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கு ஓடினால், ஆர்.டி.ஓ.விடம் இன்னொரு வழக்கை இணையாக நடத்தக்கூடாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் அங்கேயே இடைக்காலத் தடை கேளுங்கள்.