ஒரு தாத்தா, அந்தத் தாத்தா: ஜப்பானியக் கோடிட்ட இடங்கள் நிரம்பும் விதம்

ஜப்பானியக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த மொமோதரோ கதை இப்படித் தொடங்கும். முதலாண்டு மாணவருக்கான பயிற்சித்தாளில் வருவதுபோல் ஒன்பது இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

முகஷி முகஷி, அரு தொகொரொ ( ) ஒஜீஸன் தொ ஒபாஸன் ( ) இமஷ்தா.
ஒஜீஸன் ( ) யமா எ ஷிபகரி ( ), ஒபாஸன் ( ) கவா எ சென்தகு ( ) இகிமஷ்தா.
ஒபாஸன் ( ) கவா தெ சென்தகு ( ) ஷ்தெ இரு தொ, ஓகினா மொமோ ( ) நகரெதெ கிமஷ்தா.

பொருள் இது: முன்னொரு காலத்தில் ஓர் ஊரில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். தாத்தா மலைக்கு விறகு வெட்டவும், பாட்டி ஆற்றுக்குத் துணி துவைக்கவும் போனார்கள். பாட்டி ஆற்றில் துவைத்துக்கொண்டிருக்கும்போது, பெரிய பீச் பழம் ஒன்று மிதந்து வந்தது.

நிரப்ப வேண்டியவை நான்கே இடைச்சொற்கள்: வ, க, ஒ, நி. இதில் க-வைத் 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் க-வைப் போலச் சொல்ல வேண்டும். வ-வும் ஒ-வும் காதில் ஒருவிதமாகவும் தாளில் வேறுவிதமாகவும் இருக்கும். வ என்று ஒலிப்பதை 'ஹ' எழுத்தாலும், ஒ என்று ஒலிப்பதை 'வொ' எழுத்தாலும் எழுதுகிறார்கள். ஜப்பானிய எழுத்துமுறையை 1946இல் இன்றைய உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்தியபோது, இந்த இடைச்சொற்களைப் பழைய எழுத்திலேயே விட்டுவிட்டார்கள். கேட்டு எழுதும் தேர்வில் புதியவர்கள் முதலில் தடுக்குவது இங்கேதான்.

நான்கையும் ஒரே வரிசையில் வைத்துக் கற்பிப்பதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம். ஒ, நி இரண்டையும் தீர்மானிப்பது வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் வினைச்சொல். வ-வா க-வா என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முன் என்ன பேசப்பட்டது என்பது. ஆகவே ஒரு வெற்றிடத்தைப் பார்த்ததும், கண் முதலில் வலப்பக்கம் வினைக்குப் போக வேண்டும். அங்கே விடை கிடைக்காவிட்டால் இடப்பக்கம், முந்தைய வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டும்.

வலப்பக்கத்திலிருந்து தொடங்குவோம். 'சென்தகு ( ) ஷ்தெ இரு' என்பதில் வினை 'செய்தல்'. செய்யப்படுவது துணி துவைத்தல். ஆக இங்கே ஒ வரும். தமிழின் ஐ உருபு செய்யும் வேலைதான் இது. ஒரு வேறுபாடு உண்டு. நாம் 'காபியைக் குடித்தேன்' என்று சொல்வதில்லை, 'காபி குடித்தேன்' என்கிறோம். அஃறிணைப் பொருளில் ஐ இல்லாமலே நமக்கு வாக்கியம் நிறைவாகிவிடும். ஜப்பானியப் பேச்சிலும் ஒ உதிர்வதுண்டு, ஆனால் பயிற்சித்தாளில் அது கட்டாயம் இருக்க வேண்டும். தமிழில் உருபு தெரியவில்லையே என்று எழுவாய்க்குரிய க-வைப் போட்டுவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். 'காபியை' என்று ஐ சேர்த்துப் பார்த்தால் பொருள் கெடாமல் நிற்கிறதா என்று சோதித்தால் போதும்.

நி இந்தக் கதையில் மூன்று இடங்களில் வருகிறது. 'ஷிபகரி நி', 'சென்தகு நி' இரண்டும் போனதன் நோக்கத்தைச் சொல்கின்றன. 'துவைக்கிறதுக்குப் போனாள்' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தக் கு-தான் இது. 'ஆறு மணிக்கு எழுந்தேன்' என்பதற்கும் நி வரும். ஆனால் முதல் வரியில் 'தொகொரொ நி' என்பது நமக்கு 'ஊரில்'. இல் உருபுக்கு ஜப்பானியத்தில் இரண்டு வாரிசுகள். ஒன்று இருப்பது பற்றிப் பேசினால் அந்த இடத்துக்கு நி. ஒரு செயல் நடப்பது பற்றிப் பேசினால் 'தெ'. மூன்றாவது வரியில் ஆறு 'கவா தெ' என்று வருவதைப் பாருங்கள். ஊரில் இருந்தார்கள், ஆற்றில் துவைத்தாள்: தமிழில் ஒரே இல், அங்கே வினை மாறியதும் உருபும் மாறிவிட்டது.

வினைதான் முதலாளி என்பதற்கு இன்னும் சில சான்றுகள். நண்பனைச் சந்திக்கிறோம், ஜப்பானியரோ 'தொமொதச்சி நி அயிமஸ்' என்கிறார்கள். நாம் பஸ்ஸில் ஏறுகிறோம், அவர்களுக்கு 'பஸு நி நொரிமஸ்'. பூங்காவில் நடக்கிறோம், அங்கே 'கோஎன் ஒ அருகிமஸ்', ஏனென்றால் கடந்துபோகும் வெளியை ஒ-வால் குறிக்கும் வழக்கம் அங்கே உண்டு. இது விசித்திரமாகத் தோன்றினால், 'பாலத்தைக் கடந்தேன்', 'வீட்டை விட்டுக் கிளம்பினேன்' என்பவற்றில் நாமே ஐ போடுவதை நினைத்துக்கொள்ளலாம். ஜப்பானியத்திலும் அந்த இரண்டுக்கும் ஒ-தான். ஆக அயிமஸ், நொரிமஸ் போன்ற வினைகளைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. 'நி அயிமஸ்', 'நி நொரிமஸ்' என்று உருபோடு சேர்த்தே நாவில் ஏற்ற வேண்டும். கூடவே ஒரு பொறி: 'நாளைக்குப் போகிறேன்' என்பதில் நமக்குக் கு உண்டு. ஜப்பானியத்தில் நாளை, நேற்று, இன்று ஆகியவற்றுக்கு நி கிடையாது. 'அஷ்தா இகிமஸ்' என்பதே சரி.

ஒன்பதில் நான்கு நிரம்பிவிட்டன. மிச்சம் ஐந்து: தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து ஒருமுறை, தாத்தா ஒருமுறை, பாட்டி இருமுறை, பீச் பழம் ஒருமுறை. ஐந்துமே அவற்றின் வினைக்கு எழுவாய்கள். இருந்தவர், போனவர், துவைத்தவர், மிதந்து வந்தது. வினையைப் பார்த்தால் ஐந்துக்கும் க போட்டுவிடலாம்போல் இருக்கும். ஆனால் சரியான விடை இது: க, வ, வ, க, க.

காரணம் நம் கதை சொல்லும் முறையிலேயே இருக்கிறது. 'ஒரு ஊருல ஒரு ராஜா இருந்தாரு' என்று தொடங்கி, அடுத்த வரியில் 'அந்த ராஜாவுக்கு' என்கிறோம். முதல்முறை ஒரு, மறுமுறை அந்த. கேட்பவருக்குத் தெரியாத ஆளை மேடைக்குக் கொண்டுவரும்போது ஒரு வேண்டும், வந்தபிறகு அந்த போதும். ஜப்பானியத்தில் இந்த வேலையின் பெரும்பகுதியை இடைச்சொற்கள் செய்கின்றன. முதல் வரியில் தாத்தா பாட்டி புதியவர்கள், அதனால் க. இரண்டாவது வரியில் அவர்களை நமக்குத் தெரியும், அவர்களைப் பற்றிய செய்திதான் புதிது, அதனால் வ. மூன்றாவது வரியில் மிதந்து வரும் பழம் புதிது, அதனால் மீண்டும் க.

அப்படியானால் மூன்றாவது வரியில் பாட்டிக்கு ஏன் க? அவளைத்தான் நமக்குத் தெரியுமே! இங்கே 'தொ' என்ற சொல் வரை ஓடுவது முழு வாக்கியம் அல்ல, 'துவைத்துக்கொண்டிருக்கும்போது' என்ற உள்வாக்கியம். பேசுபொருளை முன்னிறுத்தும் வ முழு வாக்கியத்துக்கும் தலைவன். பெரிய வாக்கியத்துக்குள் அடங்கிய இத்தகைய சிறு வாக்கியத்துக்குள் அது பொதுவாக நுழையாது. 'நான் செய்த கேக்' என்பதற்கும் இதே காரணத்தால் 'வதஷி க த்ஸுகுத்த கேகி' என்று க வருகிறது. மாணவர்கள் மிக அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான்.

கதையில் வராத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். யார், எது போன்ற வினாச்சொல் எழுவாயாக வந்தால் அதற்கு வ வராது. யாரென்றே தெரியாதபோது 'அந்த' என்று எப்படிச் சொல்வது? 'தரெ க கிமஷ்தாகா' (யார் வந்தார்?) என்று கேட்டால் 'தனகா-ஸன் க கிமஷ்தா' என்பதே பதில். இந்தக் க-வுக்குத் தமிழில் கச்சிதமான இணை 'தான்'. தனகாதான் வந்தார். இதனால் 'தனகா-ஸன் ( ) ககுஸெய் தெஸ்' என்று ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னால், அது கேள்வியின் பிழை. வ போட்டால் 'தனகா மாணவர்', க போட்டால் 'தனகாதான் மாணவர்'. இரண்டுமே இலக்கணப்படி சரி. எந்தக் கேள்விக்கு இது பதில் என்று தெரியாமல் தேர்வு செய்ய முடியாது. விடைக்குறிப்பில் வ என்றிருந்து, தான் எழுதிய க தவறாகிவிட்டதே என்று வருந்தும் மாணவருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

வ மற்ற மூன்றின் வரிசையில் நிற்பதல்ல, அவற்றுக்கு மேல் போர்த்தப்படுவது என்பதைக் காட்ட எளிய வழி உண்டு. 'இறைச்சி சாப்பிடுவீர்களா?' என்ற கேள்வியில் இறைச்சிக்கு ஒ வரும். 'இறைச்சி சாப்பிட மாட்டேன், மீன் சாப்பிடுவேன்' என்று பிரித்துச் சொல்லும்போது இரண்டுக்கும் வ வந்து ஒ-வை விழுங்கிவிடும். க-வையும் அது அப்படியே விழுங்கும். ஆனால் நி விழுங்கப்படாது. 'தோக்யோ நி வ' என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்.

தமிழருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, ஒரு வசதியும் இருக்கிறது. 'ஸோ வ ஹனா க நகாய்' என்பது ஜப்பானிய இலக்கணத்தில் மிகப் புகழ்பெற்ற வாக்கியம். பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த மிகாமி அகிரா, 1960இல் இதையே ஒரு நூலின் தலைப்பாக வைத்து, ஜப்பானியத்துக்கு 'எழுவாய்' என்ற கருத்தே தேவையில்லை என்று வாதிட்டார். பொருள்: யானைக்கு மூக்கு நீளம். நாம் கு போடும் இடத்தில் அவர்கள் வ போடுகிறார்கள். கு என்றால் நி என்று பழகிய கை இங்கே 'ஸோ நி' என்று எழுதிவிடும். 'எனக்குப் பூனை பிடிக்கும்' என்பதும் அப்படியே: 'வதஷி வ நெகோ க ஸுகி தெஸ்'. வசதி என்னவென்றால் இரண்டாவது வெற்றிடம். 'எனக்கு ஜப்பானியம் புரிகிறது' என்று சொல்லும்போது புரிகிறது என்ற வினை 'நான்' என்பதோடு அல்ல, 'ஜப்பானியம்' என்பதோடு இயைகிறது. ஜப்பானியரும் அந்த இடத்தில் 'நிஹொங்கொ க வகரிமஸ்' என்று க போடுகிறார்கள். ஆங்கிலம் வழியாக யோசிப்பவர் மொழியைச் செயப்படுபொருளாக்கி ஒ எழுதுவார். தமிழிலேயே யோசித்தால் அந்தப் பிழை வராது.

இத்தகைய ஒற்றுமைகளையும் வைத்து ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ ஸுஸுமு தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பெயருக்குப் பின் நிற்பதும் கொரியத்திலும் துருக்கியத்திலும்கூட உண்டு. பயிற்சித்தாளுக்கு அந்த உறவு தேவையுமில்லை.

கதையில் அடுத்து என்ன நடக்கிறது? 'ஒபாஸன் ( ) சொனொ மொமோ ( ) ஹிரொத்தெ, இஎ ( ) கஎரிமஷ்தா.' பாட்டி அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். பாட்டியை நமக்குத் தெரியும், அவள் இப்போது முழு வாக்கியத்துக்கும் உரியவள், எனவே வ. எடுக்கப்பட்டது பழம், எனவே ஒ. திரும்பிய இடம் வீடு, எனவே நம் நான்கில் நி. வீட்டில் பழத்தைப் பிளக்கப் போகும்போது உள்ளிருந்து ஓர் ஆண்குழந்தை வெளியே வருகிறது: 'ஒதொகொ நொ கொ ( ) தெதெ கிமஷ்தா'. இதுவரை கதையில் இல்லாத குழந்தை, அதனால் க. அவனுக்கு மொமோதரோ என்று பெயர் வைக்கிறார்கள். அடுத்த வாக்கியத்திலிருந்து அவன் 'மொமோதரோ வ'.